சிஜி ஓடுகிறது, விடை சரியில்லை: அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

`Ax = b` என்ற பெரிய நேரியல் சமன்பாட்டுத் தொகுதியைச் சுற்றுச் சுற்றாகத் தீர்க்கும் கான்ஜுகேட் கிரேடியன்ட் முறையை (இனி சிஜி) எழுதுவது பத்து நிமிட வேலை. அது தவறாக ஓடும்போது எங்கே கோளாறு என்று பிடிப்பதற்குத்தான் நேரம் போகும். காரணம், நிரல் நின்றுவிடாது. ஏதோ ஒரு விடையைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். அதனால் ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, அதில் வரக்கூடிய அறிகுறிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கணக்கு இது. ஒரு சதுர உலோகத் தகடு. நான்கு ஓரமும் 0 டிகிரி. உள்ளே 1000 × 1000 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியிலும் வெப்பநிலை தெரிய வேண்டும். தகட்டின் நடுப்பகுதியில் ஒன்றையொன்று ஒட்டாமல் இருக்கும் ஐந்து புள்ளிகளை மட்டும் 100 டிகிரியில் பிடித்து வைத்திருக்கிறோம். மற்ற இடங்களில் லேசான வெப்ப ஊற்று உண்டு. ஒவ்வொரு புள்ளிக்கும் சமன்பாடு ஒன்றுதான்: தன் மதிப்பின் நான்கு மடங்கிலிருந்து நான்கு அண்டை மதிப்புகளைக் கழித்தால் அந்த இடத்து ஊற்று வரும். ஆக, பத்து லட்சம் தெரியாத எண்கள். ஒவ்வொரு வரிசையிலும் அதிகபட்சம் ஐந்து உறுப்புகள்.

```python
import numpy as np
import scipy.sparse as sp

m = 1000
T = sp.diags([-1, 2, -1], [-1, 0, 1], shape=(m, m))
I = sp.identity(m)
A = (sp.kron(I, T) + sp.kron(T, I)).tocsr()
```

இந்த அணி சமச்சீரானது. பூச்சியமல்லாத எந்த வெக்டர் `p`-யை எடுத்தாலும் `pᵀAp` மிகை எண்தான். பாசிட்டிவ் டெஃபினிட் என்பது இதைத்தான். அணியைக் காரணிப்படுத்தித் தீர்க்கலாமே என்றால், பட்டை வடிவில் வைத்தால்கூட 1000 அகலம், பத்து லட்சம் வரிசை, சுமார் 8 ஜிபி. புள்ளிகளின் வரிசையை மாற்றி அடுக்கினால் இரு பரிமாணத்தில் இது நன்றாகவே குறையும். முப்பரிமாணத்துக்குப் போனால் அந்த லாபமும் சுருங்கிவிடும். சிஜிக்கு வேண்டியது `A`-யும் (60 எம்பி அளவு) நான்கு வெக்டர்களும் மட்டும்.

நான் வைத்திருக்கும் வடிவம் இது. நூலகத்தில் உள்ளதை விட்டுவிட்டு இதை ஓட்டுவதற்குக் காரணம், பிழை தேடும்போது உள்ளே இருக்கும் எண்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

```python
def cg(A, b, x, tol=1e-8, maxit=20000):
    r = b - A @ x
    p = r.copy()
    rr = r @ r
    for k in range(maxit):
        Ap = A @ p
        pAp = p @ Ap
        if pAp <= 0:
            print("pAp", k, pAp); break
        a = rr / pAp
        x = x + a * p
        r = r - a * Ap
        new = r @ r
        if new <= tol**2 * (b @ b): break
        p = r + (new / rr) * p
        rr = new
    return x, k + 1
```

## ஒரே சுற்றில் முடிந்துவிட்டது

ஐந்து புள்ளிகளை 100 டிகிரியில் பிடிக்கப் பலரும் செய்யும் குறுக்குவழி: அந்தப் புள்ளிகளின் மூலைவிட்ட உறுப்போடு 10⁸ கூட்டு, வலப்பக்கத்தில் 10⁸ × 100 = 10¹⁰ போடு. சமன்பாட்டில் மற்றதெல்லாம் அதன் முன் தூசி, எனவே வெப்பநிலை 100-க்கு மிக அருகில் நின்றுவிடும். சமச்சீரும் கெடவில்லை. நல்ல யோசனை போலத்தான் இருக்கும்.

இதை SciPy நூலகத்தின் `cg`-யில் அப்படியே ஓட்டினால் ஒரே சுற்றில் நின்றுவிடும். படம் வரைந்து பார்த்தால் ஐந்து இடத்தில் 100, தகடு முழுக்கப் பூச்சியம்.

என்ன நடந்தது என்று கையால் போட்டுப் பார்க்கலாம். வலப்பக்கம் `b`-க்கும் கையில் உள்ள விடை தரும் `Ax`-க்கும் உள்ள வித்தியாசம்தான் எச்சம் `r`. தொடக்கம் `x = 0`, எனவே `r = b`. வெப்ப ஊற்று எல்லாம் 10⁻⁶ அளவு, அதை மறந்துவிடலாம். ஐந்து புள்ளியிலும் 10¹⁰. `a` ஏறக்குறைய 1/10⁸. முதல் அடியிலேயே அந்தப் புள்ளிகள் 100-க்கு வந்துவிடும். மிச்சம் அவற்றின் அண்டைப் புள்ளிகளில் மட்டும், ஒவ்வொன்றிலும் 100. எச்சத்தின் நீளம் 100 × √20, அதாவது சுமார் 447. `b`-யின் நீளமோ 10¹⁰ × √5. வகுத்தால் 2 × 10⁻⁸. SciPy-யின் `cg` நிறுத்துவதற்கு வழக்கமாக வைத்திருக்கும் வரம்பு `rtol` 10⁻⁵. தேர்வில் தாராளமாகப் பாஸ்.

நிரல் பொய் சொல்லவில்லை. நாம்தான் அளவுகோலைத் தவறாகக் கொடுத்திருக்கிறோம். `b`-யில் ஒரு ராட்சத எண் இருந்தால், அதோடு ஒப்பிட்டு எச்சம் சிறியது என்று சொல்வதில் அர்த்தமே இல்லை.

சரிசெய்யும் வழி, தெரிந்த மதிப்புகளைத் தெரியாதவைகளின் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவது:

```python
free = np.setdiff1d(np.arange(m*m), fixed)
A2 = A[free][:, free]
b2 = b[free] - A[free][:, fixed] @ np.full(len(fixed), 100.0)
```

இந்த மாதிரிக் கணக்கில் விடையைப் பார்க்காமலே சந்தேகப்பட ஒரு எளிய வழி இருக்கிறது. `x = 0`-இல் தொடங்கினால், k சுற்றுக்குப் பிறகு சிஜியின் கையில் இருப்பது `b`, `Ab`, `A²b` என்று `Aᵏ⁻¹b` வரையிலான வெக்டர்களின் கலவை மட்டுமே. இந்த `A` ஒவ்வொரு புள்ளியின் செய்தியையும் அடுத்த புள்ளிக்குத்தான் கடத்தும். எனவே ஒரு சுற்றுக்கு ஒரு கட்டம். நடுவில் இருக்கும் சூடான புள்ளியின் தாக்கம் ஓரத்துக்குப் போய்ச் சேரக் குறைந்தது ஐந்நூறு சுற்று ஆக வேண்டும். 30 சுற்றில் முடிந்தது என்று யாராவது சொன்னால், வேறெதையும் கேட்க வேண்டாம், அது முடியவில்லை.

## பிடித்த புள்ளி 100-இல் நிற்காமல் 200-க்கு ஓடுகிறது

ராட்சத எண் வேண்டாம் என்று இன்னொரு வழிக்குப் போவார்கள். அந்தப் புள்ளியின் வரிசையை முழுக்கத் துடைத்து, மூலைவிட்டத்தில் 1, வலப்பக்கத்தில் 100. நேரடித் தீர்வு முறைக்கு இது போதும். சிஜிக்குப் போதாது. வரிசையைத் துடைத்தீர்கள், நெடுவரிசையை விட்டுவிட்டீர்கள்; அண்டைப் புள்ளிகளின் சமன்பாட்டில் அந்த −1 இன்னும் இருக்கிறது. அணி சமச்சீர் இழந்துவிட்டது.

இதையும் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். முதல் சுற்றில் `p` அந்தப் புள்ளியில் 100. `a` = 1. வெப்பநிலை சரியாக 100, அங்கே எச்சம் பூச்சியம், நான்கு அண்டைப் புள்ளியிலும் எச்சம் 100. இதுவரை குறையில்லை. அடுத்து `new / rr` = 4. புதிய `p` அந்தப் புள்ளியில் 400, அண்டையில் 100. `Ap` அந்தப் புள்ளியில் 400; அண்டையில் 4 × 100 − 400 = 0. கணக்குப் போட்டால் `a` = 0.25. வெப்பநிலை 100 + 0.25 × 400 = 200. முதல் சுற்றில் சரியாக இருந்த விடையை இரண்டாம் சுற்று கெடுத்துவிட்டது.

சிஜி பழைய திசைகளை நினைவில் வைப்பதில்லை. முந்தைய ஒரு திசையை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் போன எல்லாத் திசையோடும் புதியது முரண்படாது என்று நம்பிப் போகிறது. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் சமச்சீர் மட்டுமே. அது போனால், முடித்த வேலையை மறுபடி கலைக்கும்.

குழப்பமான ஒரு விஷயமும் உண்டு. அதே கெட்ட அணியோடு, தொடக்க `x`-இலேயே அந்த ஐந்து புள்ளிக்கும் 100 போட்டு ஓட்டினால் எல்லாம் ஒழுங்காக வரும்! அங்கே எச்சம் ஆரம்பத்திலேயே பூச்சியம், எனவே `p`-யும் அங்கே கடைசிவரை பூச்சியம், கெட்ட உறுப்புகளைத் தொடவே மாட்டோம். ‘நேற்று ஓடியது, இன்று தொடக்க மதிப்பை மாற்றினேன், ஓடவில்லை’ என்று யாராவது வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அணி கையில் இருந்தால் `abs(A - A.T).max()` போட்டால் தெரிந்துவிடும். அணி இல்லாமல் பெருக்கும் செயல்கூறு மட்டும் இருந்தால்:

```python
u, v = np.random.rand(2, m*m)
print(u @ (A @ v), v @ (A @ u))
```

இரண்டு எண்ணும் கடைசிச் சில இலக்கங்களில் மட்டும் வேறுபட்டால் அது வட்டப்பிழை. நம் கணக்கில் பத்து லட்சத்தில் ஐந்து நெடுவரிசைதான் கெட்டிருக்கிறது என்பதால் வேறுபாடு மூன்றாவது, நான்காவது இலக்கத்தில் வரும். கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று விட்டுவிடாதீர்கள்.

இதோடு தொடர்புள்ள இன்னொன்று, `pAp` குறை எண்ணாக வருவது. முதல் சுற்றிலேயே வந்தால் பெரும்பாலும் குறி மாறியிருக்கும்: மூலைவிட்டத்தில் −4 எழுதியிருப்பீர்கள். இருபக்கமும் −1-ஆல் பெருக்குங்கள், போதும். பல சுற்று நன்றாகப் போய்விட்டுப் பிறகு வந்தால் அணியில் மிகையும் குறையுமாக ஐகன் மதிப்புகள் கலந்திருக்கின்றன என்று அர்த்தம். சமச்சீர் இருந்தால், அப்படிப்பட்ட அணிகளுக்கும் ஓடும் MINRES முறைக்கு மாறுவதுதான் சரி.

## எச்சம் ஏறி இறங்குகிறது

இது நோயே இல்லை. சிஜி ஒவ்வொரு சுற்றிலும் குறைப்பது எச்சத்தின் நீளத்தை அல்ல. உண்மை விடைக்கும் கையில் உள்ளதற்கும் இருக்கும் பிழை `e` என்றால், அது குறைப்பது `eᵀAe`-யை. அந்த அளவு ஒருபோதும் ஏறாது. எச்சம் ஏறலாம், சில சமயம் பல மடங்கு ஏறலாம். மேலே சரிசெய்த கணக்கிலும் வரைபடம் ரம்பப் பல் போல இருக்கலாம். நூறு சுற்றுக்கு ஒருமுறை பார்த்தால் மொத்தத்தில் கீழே போகிறதா என்பதுதான் கேள்வி.

## சரியாகத்தான் போகிறது, ஆனால் ஆயிரக்கணக்கில் சுற்றுகிறது

இங்கேதான் முறையின் உயிர் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

1952-இல் மேக்னஸ் ஹெஸ்டெனஸும் எட்வர்ட் ஸ்டீஃபெலும் இந்த முறையை வெளியிட்டபோது, வட்டப்பிழை இல்லாவிட்டால் n தெரியாத எண்களுக்கு அதிகபட்சம் n சுற்றில் சரியான விடை வந்துவிடும் என்பது அதன் பெரிய கவர்ச்சி. நடைமுறையில் வட்டப்பிழையால் அந்த வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை. முறை கொஞ்ச காலம் ஓரத்தில் கிடந்தது. பெரிய, பெரும்பாலும் பூச்சியமான அணிகளுக்கு n-ஐ மறந்துவிட்டு, போதுமான அளவு நெருங்கியதும் நிறுத்திக்கொள்ளும் முறையாக இதைப் பாருங்கள் என்று ஜான் ரீட் 1971-இல் எடுத்துக்காட்டிய பிறகுதான் மறுபடி எழுந்தது. பத்து லட்சம் சுற்று யாருக்கு வேண்டும்? ஓராயிரம் போதுமா என்பதே கேள்வி.

ஏன் போதும்? k சுற்றுக்குப் பிறகு உள்ள பிழை, தொடக்கப் பிழையின் மேல் `A`-யின் ஒரு பல்லுறுப்புக்கோவையைப் போட்டது: `e_k = q(A) e_0`. அந்த `q`-வின் படி அதிகபட்சம் k. ஒரே நிபந்தனை `q(0) = 1`. இப்படிப்பட்ட எல்லாக் கோவைகளிலும் சிறந்ததை சிஜி தானாகவே தேர்ந்தெடுக்கிறது. சிறந்தது என்றால், `A`-யின் ஐகன் மதிப்புகள் இருக்கும் இடங்களிலெல்லாம் `q` சிறியதாக இருக்க வேண்டும். எனவே சுற்றுகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது அணியின் அளவு அல்ல, ஐகன் மதிப்புகள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பது.

பத்து லட்சம் வரிசை உள்ள ஒரு அணியில் ஐகன் மதிப்புகள் 1, 2, 10 என்ற மூன்று மட்டுமே திரும்பத் திரும்ப வருகின்றன என்று வையுங்கள். `q(λ) = (1 − λ)(1 − λ/2)(1 − λ/10)` என்பது மூன்று இடத்திலும் பூச்சியம், பூச்சியத்தில் 1. படி மூன்று. ஆகவே மூன்று சுற்றில் முடிந்துவிடும். 10-க்குப் பதில் ஒரு கோடி இருந்தாலும் தாளில் மூன்றுதான். மூன்று மதிப்புகளுக்குப் பதில் மூன்று சிறு கொத்துகள் இருந்தால், ஏழெட்டுச் சுற்றிலேயே பிழை நன்றாக விழும்.

நம் தகட்டில் கொத்து இல்லை. ஐகன் மதிப்புகள் சுமார் 2 × 10⁻⁵-இலிருந்து 8 வரை சீராக நிரம்பிக் கிடக்கின்றன. பெரியதை சிறியதால் வகுத்தால் கிடைக்கும் கண்டிஷன் எண் κ சுமார் 4 லட்சம். முழு இடைவெளியிலும் சிறியதாக இருக்கக்கூடிய கோவை செபிஷேவ் கோவை. அது தரும் கணிப்பு, பிழையைப் பத்து லட்சத்தில் ஒன்றாக்க அதிகபட்சம் `½ √κ ln(2·10⁶)`, அதாவது 4,600 சுற்று அளவு. ஒவ்வொரு முறையும் எச்சத்தின் திசையிலேயே இறங்கும் பழைய முறைக்கு இதே கணிப்பு 28 லட்சம். κ-வுக்கும் √κ-வுக்கும் இடையே உள்ள வித்தியாசம் அவ்வளவு.

எனவே இந்தத் தகட்டுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் சுற்று வந்தால் பிழை தேட வேண்டாம். சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால் 250, 500, 1000 புள்ளி என்று மூன்று கட்டத்தில் ஓட்டுங்கள். பக்கம் இரட்டிக்கும்போது சுற்றும் ஏறக்குறைய இரட்டிக்க வேண்டும். நான்கு மடங்காகிறது என்றால் `β`-வை (நிரலில் `new / rr`) தவறாக எழுதி, சாதாரண இறங்குமுறையை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று சந்தேகப்படலாம்.

குறைக்க வேண்டுமென்றால் ப்ரீகண்டிஷனர்: `A`-யை ஒத்த, ஆனால் எளிதில் தீர்க்கக்கூடிய `M` ஒன்றைக் கொண்டு ஐகன் மதிப்புகளை நெருக்கிக் கொத்தாக்குவது. முதலில் எல்லோரும் போடுவது மூலைவிட்டத்தால் வகுப்பது. இந்தத் தகட்டில் அது ஒரு சுற்றைக்கூடக் குறைக்காது. மூலைவிட்டம் முழுக்க 4, எல்லாவற்றையும் 4-ஆல் வகுத்தால் விகிதம் மாறுமா? தகட்டின் ஒரு பாதி செம்பு, ஒரு பாதி ரப்பர் என்று பொருள்கள் மாறும்போதுதான் அது வேலை செய்யும். முழுமையற்ற சோலெஸ்கி சுற்றுகளைச் சில மடங்கு குறைக்கும், ஆனால் கட்டம் பெரிதாகும்போது எண்ணிக்கை முன்போலவே ஏறும். மல்டிகிரிட்டை `M`-ஆக வைத்தால் கட்டத்தின் அளவு எதுவானாலும் பத்து இருபது சுற்றில் முடியும். ஒரு சுற்றுக்கு ஒரு கட்டம் என்ற பழைய வரம்பு இங்கே உடைகிறது: பரும்படியான கட்டங்கள் வழியாகச் செய்தி ஒரே சுற்றில் ஓரம்வரை போய்விடுகிறது.

ப்ரீகண்டிஷனர் போட்ட பிறகு நிலைமை மோசமானால் `M` சமச்சீரா என்று பாருங்கள். ஒரே திசையில் ஓடும் காஸ்–சைடல் சமச்சீர் அல்ல. முன்னும் பின்னுமாக ஓட்டினால்தான் ஆகும்.

## எச்சம் 10⁻¹⁴ காட்டுகிறது, விடை அவ்வளவு துல்லியமில்லை

நிரலில் உள்ள `r` உண்மையில் `b − Ax` அல்ல. ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய `r`-இலிருந்து கழித்துக் கழித்து வந்த எண். ஆயிரம் சுற்றில் வட்டப்பிழை சேர்ந்து இரண்டும் பிரிந்துவிடும். கணக்கில் உள்ள `r` பூச்சியத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். உண்மை எச்சம் ஒரு மட்டத்தில் தட்டிவிட்டு அதற்குக் கீழே இறங்காது. ஐம்பது சுற்றுக்கு ஒருமுறை `np.linalg.norm(b - A @ x)` அச்சிட்டால் எங்கே பிரிகிறது என்று கண்ணால் பார்க்கலாம். அந்த மட்டம் `A`-யின் பெரிய ஐகன் மதிப்போடு உயரும். 8 இருந்த இடத்தில் 10⁸ வைத்தால் அது கோடி மடங்கு மேலே போகலாம். அந்தக் குறுக்குவழியைக் கைவிட இதுவும் ஒரு காரணம்.

உண்மை எச்சம் சிறியது என்பதாலும் விடை சரி என்றாகாது. விடையின் சார்புப் பிழை, எச்சத்தின் சார்பு அளவைப் போல κ மடங்குவரை இருக்கலாம். `rtol` 10⁻⁵, κ 4 லட்சம், பெருக்கினால் 4. அதாவது தகட்டின் குறுக்கே மெதுவாக வளையும் ஒரு பெரிய பிழை எச்சத்தில் தெரியாமலே ஒளிந்திருக்க இடம் உண்டு. நான் இந்தக் கணக்குக்கு 10⁻⁸-க்கு மேல் வைப்பதில்லை. நூறு மடங்கு இறுக்கி மறுபடி ஓட்டி, நடுப்புள்ளி ஒன்றின் வெப்பநிலை எந்த இலக்கத்தில் மாறுகிறது என்று பார்ப்பது இதைவிட நம்பகமானது.

`float32`-இல் ஓட்டினால் நிலைமை இன்னும் இறுக்கம். அதன் வட்டப்பிழை 6 × 10⁻⁸. κ-வோடு பெருக்கினால் 0.024. எத்தனை ஆயிரம் சுற்று ஓட்டினாலும் பிழை இரண்டு சதவீதத்துக்குக் கீழே போகும் என்ற உத்தரவாதம் கிடையாது. வரைகலை அட்டையில் வேகத்துக்காக `float32` வேண்டும் என்றால், `b − Ax`-யை மட்டும் `float64`-இல் கணக்கிட்டு, அதை வலப்பக்கமாக வைத்து `float32` சிஜியைத் தளர்வான `tol`-இல் ஓட்டி, வரும் திருத்தத்தை `float64` `x`-உடன் கூட்டுங்கள். இப்படிச் சில தடவை சுற்றினால் முழுத் துல்லியமும் திரும்பக் கிடைக்கும்.